ஒழிவதா, ஒழிப்பதா? தலையங்கத்தை மொழிபெயர்க்கும்போது நிலைப்பாடு எங்கே நழுவுகிறது

(கோவையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1933 அக்டோபர் 29ஆம் தேதியிட்ட ‘குடி அரசு’ இதழில் ஒரு தலையங்கம் வந்தது. அதன் தலைப்பு ‘இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?’ என்பது. ஏறத்தாழ ஏழு வாரம் கழித்து, டிசம்பர் 20ஆம் தேதி, இதழாசிரியர் பெரியார் ஈ.வெ.ராமசாமி கைதானார். இதழை வெளியிடும் பொறுப்பில் இருந்த அவருடைய தங்கை கண்ணம்மாளும் வழக்கில் சேர்க்கப்பட்டார். குற்றம், இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு. அன்றைய பேச்சுவழக்கில் ராஜத்துவேஷம்.

ஈரோடு அப்போது கோவை மாவட்டத்துக்குள் இருந்த ஊர். தனி மாவட்டமானது 1979இல்தான். ஆகவே வழக்கு கோவைக்கு வந்தது. 1934 ஜனவரியில் ஜி.டபிள்யூ.வெல்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார். பெரியாருக்கு ஒன்பது மாதச் சிறை, கண்ணம்மாளுக்கு மூன்று மாதம். பெரியார் எதிர்வழக்காடவில்லை. எழுத்து மூலமாக ஒரு வாக்குமூலம் மட்டும் கொடுத்தார். தலையங்கத்தில் பலாத்காரத்துக்குத் தூண்டும் எதுவும் இல்லை என்பதும், தண்டித்தால் அதை ஏற்றுக்கொள்ளத் தயார் என்பதும் அதன் சாரம்.

அரசியல் வரலாறாக இது பலருக்கும் தெரிந்த கதை. மொழிபெயர்ப்பவர்களின் கண்ணுக்கு மட்டும் அதில் வேறொன்று படும். 124ஏ பிரிவில் வழக்குத் தொடர மாகாண அரசின் அனுமதி வேண்டும். அனுமதி தரவேண்டிய மேலதிகாரிகள் கோட்டையில் ஆங்கிலக் கோப்புகளைப் படிப்பவர்கள். சென்னை அரசிடம் தமிழுக்கென்றே ஒரு மொழிபெயர்ப்பாளர் பதவி இருந்தது; தமிழ் இதழ்களில் வருவதைச் சுருக்கி ஆங்கிலத்தில் கமுக்க அறிக்கையாக மேலே அனுப்பும் வழக்கமும் நெடுநாளாக இருந்தது. ஈரோட்டில் தமிழில் எழுதப்பட்ட ஒரு வாக்கியம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பவேண்டுமானால், அது முதலில் ஆங்கிலமாக வேண்டும். அந்த ஆங்கிலம் ஒரு படி ஏறினாலும் இறங்கினாலும் மனிதரின் மாதங்கள் கூடும், குறையும்.

தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஐந்து சொல், ஒரு கேள்விக்குறி.

‘ஒழிய’ என்பது தன்வினை. ‘ஒழிக்க’ என்பது பிறவினை. முன்னதில் செய்பவர் யார் என்ற பேச்சே இல்லை. ஆட்சி தானாக ஒழியலாம், தேர்தலில் ஒழியலாம், காலாவதியாகி ஒழியலாம். பின்னதில் யாரோ ஒருவர் கையை ஓங்குகிறார். இந்த நுட்பம் தமிழில் ஓரிரு எழுத்தில் நிற்கிறது. ஆங்கிலத்துக்குப் போனால் நிற்க இடமில்லை. எளிதில் கைக்கு வருவது ‘டெஸ்ட்ராய்’ அல்லது ‘அபாலிஷ்’ என்ற வினைதான். இரண்டும் பிறவினை, செயப்பாட்டாக்கி எழுதினாலும் பின்னால் ஒரு கை தெரியும். ‘ஓவர்த்ரோ’ என்று எழுதிவிட்டால் அந்தக் கையில் ஆயுதமும் வந்துவிடும். மறுபக்கம் ‘எண்ட்’ என்றோ ‘கோ’ என்றோ எழுதினால் தன்வினை காப்பாற்றப்படும். ஆனால் சூடு ஆறிப்போகும். ‘போக வேண்டும்’ என்பதும் ‘ஒழிய வேண்டும்’ என்பதும் தமிழில் ஒன்றல்ல. கொங்கு வீடுகளில் ‘ஒழிஞ்சுது போ’ என்று ஒருவர் சொன்னால், போனதைப் பற்றிய நிம்மதியும் வெறுப்பும் அதில் சேர்ந்தே இருக்கும். அந்த வெறுப்பை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் எழுதியவரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் அவரைத் திருத்தி எழுதியதாகவே ஆகும்.

இங்கே இரண்டு வேறு அளவுகள் கலந்து கிடக்கின்றன. வெறுப்பு எவ்வளவு என்பது ஒன்று. செயலுக்கு அழைப்பு எவ்வளவு என்பது இன்னொன்று. அந்தத் தலைப்பில் வெறுப்பு மிகுதி, அழைப்பு இல்லை. ‘டெஸ்ட்ராய்’ என்பது இரண்டையும் ஏற்றுகிறது, ‘எண்ட்’ இரண்டையும் இறக்குகிறது. நிலைப்பாடு நழுவுவது பெரும்பாலும் இப்படித்தான்: இரண்டு அளவுகளை ஒன்றாக நினைத்து ஒரே திருகில் திருகிவிடுவதால். ஆங்கிலத்தில் இதற்குப் பொருத்தமாக ‘பெரிஷ்’ என்ற தன்வினை இருக்கிறது. செய்பவரைச் சொல்லாமல் வெறுப்பை வைத்துக்கொள்ளும் சொல். கொஞ்சம் நாடகத்தனமாக ஒலிக்கும் என்பது அதன் குறை. 1933இன் குடி அரசு நடைக்கு அது பெரிய குறையும் அல்ல.

அடுத்தது ‘ஆட்சி’. 124ஏ பிரிவு காத்து நின்றது ‘சட்டப்படி அமைந்த அரசாங்கத்தை’. அதன் மீது வெறுப்பையோ அவமதிப்பையோ ஊட்டுவது குற்றம். அதே பிரிவின் கீழே விளக்கங்களும் உண்டு. அரசின் நடவடிக்கைகளைச் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றும் எண்ணத்தோடு, வெறுப்பைத் தூண்டாமல் குறைகூறுவது குற்றமாகாது என்று அவை சொல்கின்றன. இப்போது ‘ஆட்சி’ என்பதை ‘கவர்ன்மென்ட்’ என்று பெயர்த்தால் பிரிவின் முதல் வரிக்குள் நேராகப் போய் விழும். ‘ஆளும் முறை’ என்ற பொருளில் பெயர்த்தால் கீழே உள்ள விளக்கத்தின் நிழலில் நிற்கும். தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. அகராதி இங்கே உதவாது, தலையங்கத்தின் உடல்தான் உதவும்: ஆட்சியைப் பற்றி அடுக்கப்படும் குறைகள் ஆளும் முறையைப் பற்றியவையா, அதிகாரத்தில் இருக்கும் அமைப்பே கூடாது என்பவையா என்று அங்கேதான் பார்க்க வேண்டும். தலைப்பைக் கடைசியாக மொழிபெயர்க்க வேண்டும் என்று பழைய கைகள் சொல்வது இதனால்தான்.

‘வேண்டும்’ என்பதும் சும்மா இல்லை. ஆங்கிலத் தலையங்கம் எழுதுபவருக்கு ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘ஆட்’ என்று மூன்று படிகள் இருக்கின்றன. தமிழில் ஒரே ‘வேண்டும்’ அந்த மூன்றின் வேலையையும் செய்கிறது. தமிழிலிருந்து போகும்போது எந்தப் படி என்று மொழிபெயர்ப்பவர் தீர்மானித்தே ஆகவேண்டும். தீர்மானிக்காமல் இருக்க ஆங்கில இலக்கணம் விடாது. ஆங்கிலத்திலிருந்து வரும்போது நேர்மாறாக, மூன்று படியும் ஒன்றாகி மட்டமாகிவிடும். அதைத் தடுக்க ‘வேண்டும்’, ‘வேண்டியது கடமை’, ‘செய்தே தீரவேண்டும்’ என்று தமிழில் படிகளைத் தனியாகக் கட்டவேண்டியிருக்கிறது. ஆங்கிலத் தலையங்கங்களில் அரசுக்கு நயமாகப் புத்தி சொல்ல ஒரு மரபுத் தொடர் உண்டு. இன்னதைச் செய்தால் அரசுக்கு நல்லது என்பது அதன் நேர்ப்பொருள். அதை அப்படியே ‘செய்தால் நல்லது’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். மிரட்டல் போலக் கேட்கும். ‘செய்வதே அரசுக்கு அழகு’ என்றால்தான் அந்த நயமும் உள்ளே இருக்கும் சிறு குத்தலும் சேர்ந்து வரும்.

ஒரு சொல்லின் எடையை எப்படி அறிவது? எழுதியவரின் மற்ற பக்கங்களைப் புரட்டுவதே நம்பகமான வழி. குடி அரசில் ‘ஒழி’ என்ற வினை எதெதனோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தால் தீண்டாமை, மூடநம்பிக்கை, வருணாசிரமம் என்று ஒரு வரிசை கிடைக்கும். ஆளைக் கொல்லும் பொருள் அந்த வரிசையில் இல்லை. ஏற்பாடு ஒன்று இல்லாமல் போவதுதான் பொருள். இது பெரியாருக்குச் சாதகமான சான்று. ஆனால் அதே பக்கங்களில் எதிர்ச் சான்றும் கிடைக்கும். அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘அனிஹிலேஷன் ஆஃப் காஸ்ட்’ அடுத்த ஆண்டே ஈரோட்டிலிருந்து தமிழில் வந்தபோது அதன் பெயர் ‘ஜாதியை ஒழிக்க வழி’. சுவடில்லாமல் அழிப்பது என்னும் அந்தக் கடும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈரோட்டுக்காரர்கள் தேர்ந்த இணை ‘ஒழி’தான். அப்படியென்றால் அது இலேசான சொல்லும் அல்ல. இரண்டு சான்றையும் மேசையில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் மொழிபெயர்ப்பவர் வக்கீலாகிவிடுவார்.

‘சமதர்மம்’ இன்னும் சிக்கல். மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையை 1931 அக்டோபரில் குடி அரசு தமிழில் வெளியிடத் தொடங்கியபோது ‘சமதர்ம அறிக்கை’ என்றே பெயரிட்டது. 1932 டிசம்பரில் சிங்காரவேலர் உள்ளிட்டோர் ஈரோட்டில் கூடி வகுத்த திட்டமும் சமதர்மத் திட்டம் என்றே வழங்கியது. சோஷலிசத்துக்கும் கம்யூனிசத்துக்கும் தமிழில் அன்று ஒரே கூரை. ஆங்கில ஆட்சியின் காதில் அவை ஒன்றல்ல. முதலாவது இங்கிலாந்திலேயே ஆட்சிக் கட்டிலேறிய தொழிற்கட்சிக்காரர்கள் வாயில் புழங்கிய சொல். இரண்டாவது மாஸ்கோவின் சொல். கம்யூனிஸ்ட் கட்சி 1934இல் தடைசெய்யப்படவும் செய்தது. ஆகவே ‘சமதர்மம்’ வரும் இடமெல்லாம் மொழிபெயர்ப்பவர் கையில் ஒரு மனிதரின் விதி கொஞ்சம் இருந்தது. இத்தகைய இடத்தில் மூலச் சொல்லையே எழுத்துப்பெயர்த்து வைத்து, ஒரு முறை விளக்கிவிட்டு, கட்டுரை முழுக்க அதையே ஆள்வதுதான் நேர்மை. படிக்க இடறும்தான். இடறட்டும்.

நீதிமன்றத்துக்கு இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. 1908இல் பம்பாயில் பால கங்காதர திலகர் மீது ‘கேசரி’ மராத்தித் தலையங்கங்களுக்காக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு தன் கருத்தைத் திரித்துவிட்டது என்று அவர் சொல் சொல்லாக வாதாடினார். ஒன்பது நடுவர்களில் ஏழு பேர் ஐரோப்பியர். அவர்கள் கையில் இருந்தது ஆங்கிலப் படிதான். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் குற்றவாளி எனத் தீர்ந்தது. ஆறாண்டு மாண்டலே சிறை.

இன்று கோவையில் தலையங்கம் மொழிபெயர்ப்பவர் யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. சொற்கள் மட்டும் அதே சூட்டோடு இருக்கின்றன. 2021ஆம் ஆண்டு ஜூன், ஜூலை என்ற இரண்டு மாதங்களிலேயே தமிழ் இதழியலின் இரண்டு சாதாரணச் சொற்கள் கட்சி கட்டின.

முதலாவது ‘ஒன்றிய அரசு’. புதிதாக அமைந்த திமுக அரசு அந்தச் சொல்லையே வழக்கமாக ஆளத் தொடங்கியதும் சர்ச்சை எழுந்தது. ஜூன் 23ஆம் தேதி சட்டமன்றத்தில் பாஜக உறுப்பினர் நயினார் நாகேந்திரன் கேட்க, முதல்வர் மு.க.ஸ்டாலின் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவைச் சுட்டிக்காட்டி, அந்தச் சொல்லையே தொடர்ந்து பயன்படுத்துவோம் என்றார். முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது என்பது உண்மை. அதற்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் ‘யூனியன்’ என்ற சொல்லை ஏன் தேர்ந்தோம் என்று அம்பேத்கர் விளக்கியபோது, இந்தக் கூட்டமைப்பு மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் உண்டானதல்ல, எந்த மாநிலமும் பிரிந்துபோக உரிமையில்லை என்பதைக் காட்டவே என்றார். ஆக, ஆங்கிலத்தில் பிரியாமையை வலியுறுத்த வந்த சொல், தமிழில் மாநிலங்களின் தன்மானத்தை வலியுறுத்தும் சொல்லாக ஒலிக்கிறது. சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்புதான். நிலைப்பாடு மட்டும் இடம் மாறிவிட்டது. போதாக்குறைக்கு, அவிநாசிப் பக்கத்திலோ பொள்ளாச்சிப் பக்கத்திலோ ‘ஒன்றியம்’ என்றதும் மனத்தில் வருவது ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

அப்படியானால் ஆங்கிலத் தலையங்கத்தில் அந்தச் சொல் வரும்போது என்ன செய்வது? அந்தத் தலையங்கம் ‘யூனியன் கவர்ன்மென்ட்’ என்பதையும் ‘சென்டர்’ என்பதையும் மாற்றி மாற்றி எழுதுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மாற்றி எழுதினால் எழுதியவர் அந்தச் சொல்லில் எதையும் ஏற்றவில்லை என்று பொருள். அப்போது மொழிபெயர்ப்பு வரப்போகும் தமிழ் இதழ் தன் செய்திப் பக்கத்தில் எதை எழுதுமோ அதையே எழுதலாம்; அந்த இதழின் வாசகர் அதற்குப் பழகி, அதன் சாய்வை ஏற்கெனவே கழித்துக்கொண்டுதான் படிப்பார். எழுதியவர் ஒரே சொல்லைப் பிடிவாதமாக ஆண்டிருந்தால், கூட்டாட்சியைப் பற்றி வாதிடும் இடத்தில் அதை நிறுத்தியிருந்தால், இதழின் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு ‘ஒன்றிய அரசு’ என்றே எழுத வேண்டும். ஆசிரியர் மேசையில் அதை ‘மத்திய’ என்று மாற்றினால் சண்டை போடவும் வேண்டும்.

இரண்டாவது சொல் நம் ஊரின் பெயர். 2021 ஜூலை 7ஆம் தேதி தில்லியில் அமைச்சரவை விரிவாக்கம் நடந்தது. இணையமைச்சரான எல்.முருகனைப் பற்றிய குறிப்பில் அவர் ஊர் ‘கொங்கு நாடு, தமிழ்நாடு’ என்றிருந்தது. தனி மாநிலம் பிரிக்கத் திட்டமா என்று அடுத்த சில நாட்கள் பத்திரிகைகள் அமளிப்பட்டன. ‘நாடு’ என்பது இங்கே பழைய நிலப் பிரிவுச் சொல்; பூந்துறை நாடு, காங்கேய நாடு, ஆறை நாடு என்று கொங்குக்குள்ளேயே 24 நாடுகளை எண்ணுவது மரபு. திருமணப் பத்திரிகையில் ‘கொங்கு நாடு’ என்று அச்சடித்தவர் யாரும் தனி மாநிலம் கேட்கவில்லை. ஆனால் அரசு ஆவணத்தில், நிர்வாக அலகின் பெயர் வரவேண்டிய இடத்தில், அதே சொல் வேறு எடை பெற்றது. அதன்பின் ‘கொங்கு நாடு’, ‘கொங்கு மண்டலம்’, ‘மேற்கு மாவட்டங்கள்’ என்று ஒரே மண்ணைக் குறிக்கும் மூன்று பெயர்களும் மூன்று சாய்வாகக் கேட்கத் தொடங்கின.

பாடத்துக்காக ஒரு வாக்கியத்தை நாமே கட்டிக்கொள்வோம். அந்த வாரத்தில் ஓர் ஆங்கிலத் தலையங்கம் எழுதியிருக்கக்கூடிய வாக்கியத்தின் கருத்து இது: அமைச்சர் குறிப்பில் வந்த கொங்கு நாடு என்பதற்கு நிர்வாகப் பொருள் இல்லை என்று மத்திய அரசு தெளிவாக்க வேண்டும். அதை ஒருவர் இப்படிப் பெயர்க்கிறார்: “‘கொங்கு நாடு’ என்று புகுத்தியதன் உள்நோக்கத்தை ஒன்றிய அரசு விளக்கியே தீரவேண்டும்.” இன்னொருவர்: “கொங்கு நாடு எனக் குறிப்பிடப்பட்டிருப்பது பற்றி விளக்கம் அளிக்கப்பட்டால் குழப்பம் நீங்கும்.”

முதலாமவர் கூர்மையாக்கினார் என்பது பார்த்தவுடன் தெரியும். ‘புகுத்திய’ என்பது மூலத்தில் இல்லாத குற்றச்சாட்டு, ‘உள்நோக்கம்’ மூலத்தில் இல்லாத தீர்ப்பு. மேற்கோள் குறியும் தன் பங்குக்குச் சந்தேகத்தைச் சேர்க்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தால் காட்டும் சிறப்புப் பெயரைத் தமிழில் காட்ட வழியில்லாததால் மேற்கோள் குறி போடுகிறோம். ஆனால் அரசியல் சொல்லுக்குப் போட்டால் ‘அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்’ என்ற ஏளனம் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாமவரின் தவறுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது நாகரிகமாக இருக்கிறது. எந்தச் சொல்லும் தப்பாக இல்லை. ஆனால் அரசு என்ற எழுவாய் காணாமல் போய்விட்டது. ‘வேண்டும்’ போய் ‘நீங்கும்’ வந்தது, கோரிக்கை ஆரூடமாயிற்று. என்ன விளக்கம் என்பதும் கரைந்தது: மூலம் கேட்டது ‘நிர்வாகப் பொருள் இல்லை’ என்ற குறிப்பான மறுப்பை. காரசாரமான சொல்லைத் தேடிப் பிடிக்கும் ஆசிரியர் மேசை இந்த வகை மழுக்கலைக் கவனிப்பதேயில்லை. தமிழ்ச் செய்தி நடையில் ‘எனக் கூறப்படுகிறது’, ‘என்ற கருத்து நிலவுகிறது’ என்று முடிக்கும் பழக்கம் இதை வளர்க்கிறது. செய்தியில் அது எச்சரிக்கை. தலையங்கத்தில், தானே சொன்னதை யாரோ சொன்னதாக மாற்றுவது.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எவ்வளவு கட்டாயம்? விடையை மூலத்தோடு ஒப்பிட்டால் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று தெரிந்துவிடும். அந்த ஒருவர், தலையங்கத்தின் கருத்துக்கு எதிரான கட்சிக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. ஒத்த கருத்துடையவர் கூர்மையை உண்மை என்றே எடுத்துக்கொள்வார். எதிர்க்கருத்துடையவர் மழுக்கலைக் கண்டு ‘இவ்வளவுதானா சொன்னார்?’ என்று கேட்பார். அந்தக் கேள்வி விலைமதிப்புள்ளது.

இந்தச் சோதனைக்கும் எட்டாத ஒன்று, காலம். ‘தமிழகம்’ என்பதைச் செய்தித்தாள்கள் தலைப்பில் இடம் மிச்சப்படுத்தவே பல காலம் எழுதிவந்தன. 2023 ஜனவரியில் ஆளுநர் ஆர்.என்.ரவி, ‘தமிழ்நாடு’ என்பதைவிட அந்தப் பெயரே பொருத்தம் என்ற கருத்தைச் சொன்னதும் அது ஒரே வாரத்தில் நிறம் மாறியது. இனி 2015ஆம் ஆண்டுத் தலையங்கம் ஒன்றைத் தொகுப்புக்காக ஆங்கிலமாக்குபவர், அதில் வரும் ‘தமிழக’த்தில் 2023இன் சண்டையை ஏற்றிவிடக் கூடாது. 1933இன் ‘சர்க்கார்’, ‘ராஜத்துவேஷம்’ ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

அந்த ராஜத்துவேஷத்தின் பின்கதையும் மொழிபெயர்ப்பால் ஆனதே. 124ஏ பிரிவு பேசியது அரசாங்கத்தைப் பற்றி. தேசத்தைப் பற்றி அல்ல. ராஜா போன பிறகு ‘ராஜ’ என்ற முன்னொட்டு பொருந்தாமல் போக, தமிழ்ப் பத்திரிகைகள் ‘தேசத்துரோக வழக்கு’ என்று எழுதத் தொடங்கின. அரசைத் திட்டியவர் தலைப்பில் நாட்டைக் காட்டிக்கொடுத்தவரானார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்புக்கு வந்தபோது பிரிவின் பழைய பெயர் அதில் இல்லை. அந்த இடத்தில் இந்தியாவின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஊறு செய்வதைப் பற்றிய 152ஆம் பிரிவு நிற்கிறது. பழைய வழக்குகளைப் பற்றி எழுதும் தலையங்கத்தைத் தமிழாக்குபவர் ‘அரசு நிந்தனை’ என்றோ ‘அரசுக்கு எதிரான வெறுப்பைத் தூண்டிய வழக்கு’ என்றோ எழுதலாம். நீளம் கூடும், ஒற்றைப் பத்தியில் தலைப்பு அடங்காது. புதிய வழக்கென்றால் ‘152ஆவது பிரிவின் கீழ் வழக்கு’ என்று எண்ணைச் சொல்லிவிட்டு, குற்றச்சாட்டு என்ன என்பதை அடுத்த வரியில் விரித்து எழுதுவது இப்போதைக்குச் செய்யக்கூடியது.